அப்பா பெயரில் கும்பகோணம் வீடு, வாரிசுகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும்: பவர், விடுதலைப் பத்திரம் பற்றி விளக்கம் தேவை

தேக்கா_வாசி எழுதியது:

வணக்கம். அப்பா 2019-இல் காலமானார், உயில் எழுதவில்லை. கும்பகோணம் மாநகராட்சி எல்லைக்குள் 2400 சதுர அடி மனையும் வீடும் அவர் பெயரில் இருக்கின்றன. 1994-இல் சொந்தச் சம்பளத்தில் கிரயம் வாங்கியது. அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார். நான் சிங்கப்பூர் பி.ஆர்., இந்தியப் பாஸ்போர்ட். தங்கை ஹூஸ்டனில் அமெரிக்கக் குடிமகள், ஓ.சி.ஐ. அட்டை உண்டு. எங்கள் இருவர் பங்கையும் அம்மாவுக்கே விடுதலை எழுதிக் கொடுக்க விரும்புகிறோம். நேரில் வர முடியாது. எந்தெந்தக் காகிதம், எந்த வரிசையில் வேண்டும்? வாரிசுச் சான்றிதழ் 2019-லேயே வாங்கியாகிவிட்டது. அதில் அம்மா, நான், தங்கை, அப்பாவின் அம்மா என நான்கு பெயர்கள். பாட்டி 2022-இல் இறந்துவிட்டார்.

---

வயலூர்_வாத்தியார் எழுதியது:

தம்பி, தங்கைக்குக் கல்யாணம் எந்த வருஷம்? 25.3.1989-க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் பங்கு கிடையாது. அதை முதலில் பாருங்கள். பங்கே இல்லையென்றால் அவர் கையெழுத்தே வேண்டாம். அப்புறம், வெளிநாட்டில் எழுதும் பவரை இந்தியத் தூதரகத்தில்தான் சான்றொப்பம் வாங்க வேண்டும். நோட்டரி செல்லாது.

---

பத்திரக்கட்டு எழுதியது:

வாத்தியார் ஐயா, நீங்கள் சொல்லும் 1989 தேதி பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலப் பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தைச் சேர்ந்தது. 2005-இல் மத்தியத் திருத்தம் வந்த பிறகு அந்த வேறுபாடும் போய்விட்டது. இவர் அப்பா வாங்கியதோ சுயார்ஜிதம். உயில் இல்லாமல் இந்து ஆண் இறந்தால், அவருடைய தனிச் சொத்தில் மகளுக்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த நாளிலிருந்தே மகனுக்குச் சமமான பங்கு உண்டு. கல்யாணத் தேதிக்கு இங்கே வேலையே இல்லை. தங்கை கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

தேக்கா_வாசி, பவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். பாட்டி இறந்துவிட்டதால் நாலு பேர் மூன்று பேராகிவிட்டதாக நினைக்கிறீர்களா? அப்படி ஆகாது. அப்பா இறந்த நாளன்றே அம்மா, நீங்கள், தங்கை, பாட்டி நால்வருக்கும் தலா கால் பங்கு போய்ச் சேர்ந்துவிட்டது. பாட்டி அந்தக் கால் பங்குக்குச் சொந்தக்காரராகத்தான் இறந்திருக்கிறார். அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும். பாட்டிக்கு உங்கள் அப்பாவைத் தவிர வேறு பிள்ளைகள் உண்டா? தாத்தா உயிருடன் இருக்கிறாரா? பாட்டி உயில் ஏதும் எழுதினாரா?

---

தேக்கா_வாசி எழுதியது:

தாத்தா 2001-லேயே போய்விட்டார். ஒரு சித்தப்பா, ஒரு அத்தை இருக்கிறார்கள். பாட்டி உயில் எழுதவில்லை. அவர்களுக்கும் இந்த வீட்டில் பங்கு இருக்கிறதா? இதை யாருமே சொல்லவில்லை.

---

பத்திரக்கட்டு எழுதியது:

இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க வீட்டை 24 பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் ஆளுக்கு 6. பாட்டியின் 6 பங்கு 2022-இல் அவருடைய மூன்று பிள்ளைகளின் கிளைகளுக்கும் தலா 2 ஆகப் பிரிகிறது. சித்தப்பாவுக்கு 2, அத்தைக்கு 2. அப்பா முன்பே இறந்துவிட்டதால் அவர் கிளையின் 2 அவருடைய பிள்ளைகளான உங்கள் இருவருக்கும் ஆளுக்கு 1. அம்மா மருமகள்தான் என்பதால் பாட்டியின் பங்கிலிருந்து அவருக்கு ஒன்றும் வராது.

ஆக இன்றைய நிலை: அம்மாவுக்கு 6, உங்களுக்கு 7, தங்கைக்கு 7, சித்தப்பாவுக்கு 2, அத்தைக்கு 2. நீங்களும் தங்கையும் எழுதிக் கொடுத்தால் அம்மாவிடம் 20 பங்கு வரும். மீதி 4 பங்கு வெளியே நிற்கும். பத்திரம் பதிவாகிவிடும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும் நாளில் வங்கி வக்கீல் 2019 வாரிசுச் சான்றிதழில் பாட்டி பெயரைப் பார்த்த உடனே நிறுத்திவிடுவார். அப்போது சித்தப்பாவோ அத்தையோ இல்லாமல் போயிருந்தால், அவர்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டிவரும்.

எனவே முதல் காகிதம் பாட்டியின் இறப்புச் சான்றிதழ். இரண்டாவது, பாட்டிக்குத் தனியாக ஒரு வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் சித்தப்பாவோ அத்தையோ விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியர் வழங்குவார். முன்பே இறந்த மகன் என்று அப்பா பெயரும், அவர் வாரிசுகளாக உங்கள் பெயர்களும் இடம்பெற வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் விசாரணைக்கு வரமாட்டார் என்று பெயரையே விட்டுவிடுவது நடக்கிறது. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் அதன் நகலை வாங்கிப் பாருங்கள். சான்றிதழ் தவறாக வந்துவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டியிருக்கும்.

---

பாளையங்கோட்டை_ரோஸ் எழுதியது:

இதைப் படித்ததும் பயமாகிவிட்டது. எங்கள் அப்பாவும் உயில் எழுதாமல் போனவர். அம்மா, நாங்கள் மூன்று பேர், அப்பாவின் அம்மாவும் இருக்கிறார். நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆச்சிக்கும் பங்கு தர வேண்டுமா? நான் துபாயில் இருக்கிறேன்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

ரோஸ், உங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குச் சேர்த்து மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் அம்மாவுக்குப் பங்கு வராது. உங்கள் மூவருக்கும் ஒன்பதில் இரண்டு வீதம். வாரிசுச் சான்றிதழில் ஆச்சி பெயர் இருக்கலாம். அந்தச் சான்றிதழ் உறவைக் காட்டுவது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிப்பதில்லை. ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க வழி செய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் துபாய் இல்லை என்பதால் நீங்கள் இந்தியத் துணைத் தூதரகத்தில்தான் பவர் கையெழுத்துப் போட வேண்டும்.

---

வயலூர்_வாத்தியார் எழுதியது:

அப்படியானால் தூதரகம் என்று நான் சொன்னது சரிதானே?

---

பத்திரக்கட்டு எழுதியது:

துபாய்க்குச் சரி ஐயா. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இரண்டு வழி உண்டு. தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்திடுவது ஒன்று. உள்ளூர் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, அதன் மேல் அப்போஸ்டில் வாங்குவது இன்னொன்று. சிங்கப்பூரில் உடன்படிக்கை 16.9.2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே அப்போஸ்டில் தருவது சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா. அமெரிக்காவில் நோட்டரி எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலச் செயலர் அலுவலகம் தரும். டெக்சஸ் நோட்டரி கையெழுத்துக்கு டெக்சஸ் மாநிலம்தான்.

பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவு இந்தியாவுக்கு வெளியே வசிப்பவருக்கு நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அதிகாரி எல்லாரையும் ஏற்கிறது. ஆனால் நோட்டரி முத்திரை மட்டும் இருந்தால் அந்த நோட்டரி யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் அப்போஸ்டில்.

---

ஹூஸ்டன்_மாமி எழுதியது:

இங்கே துணைத் தூதரகத்துக்கு வி.எஃப்.எஸ். வழியாகப் போக வேண்டும், படிவம், சாட்சிகளின் அடையாளம் என்று கேட்பார்கள். நோட்டரி ஒரு நாள், அப்போஸ்டில் தபாலில் வரும் என்பதால் அதுவே எனக்குச் சௌகரியமாகத் தெரிகிறது. ஒரு சந்தேகம். பவர் எதற்கு? விடுதலைப் பத்திரத்தையே இங்கே கையெழுத்துப் போட்டு அனுப்பக்கூடாதா?

---

பத்திரக்கட்டு எழுதியது:

போடலாம். வெளிநாட்டில் எழுதிக் கொடுத்த பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாலு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். ஆனால் "இது நான் போட்ட கையெழுத்துதான்" என்று சார்பதிவாளர் முன் ஒப்புக்கொள்ள ஒருவர் வேண்டும். நீங்கள் வரவில்லையென்றால் அதற்கும் ஒரு பவர் தேவை. கடைசியில் இரண்டு காகிதம் ஆகும், பத்திரத்தில் ஓர் எழுத்து திருத்த வேண்டியிருந்தாலும் மறுபடி கூரியர்.

பவரே நல்லது. அதில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். "என் சொத்துகளை நிர்வகிக்க" என்று எழுதிய பவரை வைத்து விடுதலைப் பத்திரம் எழுத முடியாது. கொடுத்த அதிகாரம் எழுத்தில் எவ்வளவோ அவ்வளவுதான். உங்கள் பவரில் "என் பாகத்தை என் தாயாருக்கு விடுதலை செய்து பத்திரம் எழுதிக் கையெழுத்திட, சார்பதிவாளர் முன் தாக்கல் செய்து ஒப்புதல் அளிக்க, பட்டா மற்றும் வரிப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க" என்று வரியாக வர வேண்டும். பாட்டி வழியாக வந்த பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். "தகப்பனார் வழியில் கிடைத்த பாகம்" என்று மட்டும் எழுதினால் ஒரு பங்கு வெளியே நின்றுவிடும்.

சொத்து விவரம் 1994 கிரயப் பத்திரத்தையும் நகர நில அளவைப் பதிவேட்டையும் பார்த்து எழுத வேண்டும். கும்பகோணம் நகரம் என்பதால் பழைய சர்வே எண்ணோடு வார்டு, பிளாக், டி.எஸ். எண்ணும் இருக்கும். பழைய பத்திரத்தில் ஓர் எண், இன்றைய பதிவேட்டில் வேறு எண் என்றால் இரண்டையும் போடுங்கள். நான்கு எல்லை, அளவு, சார்பதிவகம் விட்டுப்போகக்கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, புகைப்படம், இரண்டு சாட்சிகள், பாஸ்போர்ட் நகல்.

---

தேக்கா_வாசி எழுதியது:

நன்றி அண்ணா. பவரை அம்மா பெயருக்கே கொடுத்துவிடலாமா? அவர்தானே உள்ளூரில் இருக்கிறார். இன்னொன்று, என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் வருகிறது. வாரிசுச் சான்றிதழில் இனிஷியல் முன்னால்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

அம்மாவுக்கு வேண்டாம். விடுதலை வாங்குபவரும் அவர், உங்களுக்காக எழுதிக் கொடுப்பவரும் அவர் என்றால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் கையெழுத்திடுவார். சார்பதிவாளர் திருப்பி அனுப்ப அது போதும். தாய்மாமா போல நம்பகமான வேறொருவரைப் போடுங்கள். நீங்களும் தங்கையும் ஒரே ஆளை நியமிக்கலாம்.

பெயருக்கு, இரண்டும் ஒரே நபர்தான் என்று பவரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். "பாஸ்போர்ட்டில் இன்னபடியும் வாரிசுச் சான்றிதழில் இன்னபடியும் குறிப்பிடப்படும் நான்" என்று. அதோடு ஒரு தனி உறுதிமொழிப் பத்திரமும் அதே நோட்டரியிடம் போட்டு வைத்தால் பட்டா அலுவலகத்துக்கு உதவும்.

பவர் இந்தியா வந்து சேர்ந்ததும் நேரே சார்பதிவகத்துக்குப் போகாதீர்கள். முதலில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அட்ஜுடிகேஷன், அதாவது தீர்வை எவ்வளவு என்று நிர்ணயம் செய்து முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கும்பகோணத்திலேயே அந்த அலுவலகம் உண்டு. பவர் இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் கெடு. கையெழுத்திட்ட நாள் கணக்கில்லை. அதனால் கூரியர் உறையைக் கிழித்துப் போடாமல் வந்த தேதி தெரியும்படி பத்திரமாக வையுங்கள். கெடு தாண்டினால் அபராதம் பேசிக்கொண்டிருப்பதைவிடப் புதிதாக ஒன்று கையெழுத்திட்டு அனுப்புவது சீக்கிரம் முடியும்.

---

காவிரிப்_பட்டதாரி எழுதியது:

ஒன்று கவனிக்கணும். 10.7.2023 கட்டண உயர்வுக்குப் பிறகு குடும்பத்தார் அல்லாதவருக்குப் பொது அதிகாரம் கொடுத்தால் சந்தை மதிப்பில் 1 சதவீதம் கட்டணம். தாய்மாமா குடும்பப் பட்டியலில் வரமாட்டார். 60 லட்சம் வீடென்றால் யோசிக்க வேண்டிய தொகை.

---

பத்திரக்கட்டு எழுதியது:

அது விற்கும் அதிகாரத்தோடு கூடிய பொது அதிகாரத்துக்கு. இவர் எழுதப்போவது ஒரே ஒரு விடுதலைப் பத்திரத்துக்கான தனி அதிகாரம், விற்பனையோ பணம் பெறுவதோ அதில் இல்லை. அந்த வாசகங்களைத் தெரியாமல் மாதிரிப் பத்திரத்திலிருந்து சேர்த்துவிடுவதுதான் வினை. விற்க, அடமானம் வைக்க, முன்பணம் வாங்க என்ற வரிகளை எடுத்துவிடுங்கள்.

---

காவிரிப்_பட்டதாரி எழுதியது:

விடுதலை என்றாலும் உரிமை கைமாறுகிறதே என்று வாதிடும் அலுவலர்களும் உண்டு. வரைவை முன்கூட்டியே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிட்டு சிங்கப்பூரில் கையெழுத்திடுவது நல்லது என்பேன்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். வரைவைக் காட்டுவதற்குச் செலவில்லை.

பதிவு நாளுக்கு இன்னொரு காகிதம் இருக்கிறது, பலருக்குக் கடைசி நிமிஷத்தில்தான் தெரியவரும். பவர் கொடுத்தவர் இப்போது உயிருடன் இருக்கிறார் என்ற சான்று. லைஃப் சர்டிபிகேட் என்பார்கள். பதிவுக்கு முந்தைய 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்துவிடும் என்பதால் கேட்கிறார்கள். பவரைப் போலவே இதையும் நோட்டரியிடமோ தூதரகத்திலோ எடுக்கலாம். பவரோடு சேர்த்து முன்கூட்டியே எடுத்து அனுப்பினால், பாட்டியின் வாரிசுச் சான்றிதழ் தாமதமாகும்போது காலாவதியாகிவிடும். முன்பதிவு தேதி உறுதியான பிறகு இருவரும் எடுங்கள்.

---

ஹூஸ்டன்_மாமி எழுதியது:

பத்திரச் செலவு எவ்வளவு ஆகும்?

---

பத்திரக்கட்டு எழுதியது:

குடும்பத்தாருக்குள் விடுதலை என்றால் விடுகிற பாகத்தின் மதிப்பில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. மதிப்பு 60 லட்சம் என்று வைத்தால் 24-இல் 7 பங்கு 17 லட்சத்து 50 ஆயிரம். தீர்வை 17,500, பதிவுக் கட்டணம் உச்சவரம்பில் நின்று 10,000. தேக்கா_வாசிக்கு 27,500, தங்கைக்கும் அதே.

சித்தப்பா, அத்தையின் 2 பங்கு ஒவ்வொன்றும் 5 லட்சம். அவர்கள் எழுதிக் கொடுப்பது அண்ணிக்கு. அண்ணியும் கொழுந்தனும் சலுகைப் பட்டியலில் இல்லை என்றுதான் நான் படிக்கிறேன். அப்படியானால் தீர்வை கூடும்.

---

காவிரிப்_பட்டதாரி எழுதியது:

பாட்டி வாரிசுகளுக்குள் நடக்கும் விடுதலை என்று எடுத்துக்கொண்டு சலுகை கேட்கலாமே? சித்தப்பா தன் பங்கை அண்ணன் பிள்ளைகளுக்கு விடட்டும், அவர்களும் பாட்டிக்கு வாரிசுகள்தானே. பிறகு பிள்ளைகள் அம்மாவுக்கு எழுதட்டும்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

சித்தப்பாவுக்கு அண்ணன் மகன் பட்டியலில் வருவானா என்பதில் சார்பதிவகத்துக்கு சார்பதிவகம் பேச்சு மாறும். உங்கள் வழியை எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். ஏற்றால் மிச்சம். ஏற்காவிட்டால் இரண்டு பத்திரச் செலவு தண்டம் ஆகும்.

---

பாளையங்கோட்டை_ரோஸ் எழுதியது:

இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டா போட்டுவிட்டு அப்படியே வைத்திருந்தால் என்ன? வங்கியில் அம்மாதான் நாமினி, பணம் உடனே கொடுத்துவிட்டார்கள்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

நாமினி பணத்தை வாங்கிக் கொடுப்பவர், வாரிசுகளுக்காக வைத்திருப்பவர். வீட்டுக்கு நாமினி கிடையாது. கூட்டுப் பட்டா போடலாம், தவறில்லை. அம்மா வாழ்நாளில் விற்கும் எண்ணமே இல்லையென்றால் அதுவே போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வரி கட்டவும் மின் இணைப்புப் பெயர் மாற்றவும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் போதும். ஆனால் சித்தப்பா, அத்தை பங்கை மட்டுமாவது அவர்கள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நீங்களும் தங்கையும் அம்மாவுக்கு எழுதாமல் இருந்தாலும் பாதகமில்லை, எழுதினாலும் பிற்காலத்தில் உங்களுக்கே திரும்பி வரப்போகிற பங்குதான் அது. அவர்களுடையது அப்படியல்ல.

---

வயலூர்_வாத்தியார் எழுதியது:

தங்கை அமெரிக்கக் குடிமகள் ஆயிற்றே, ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டாமா?

---

பத்திரக்கட்டு எழுதியது:

இந்தியாவில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டியதில்லை ஐயா, விவசாய நிலமானாலும் சரி. வாரிசாக வந்த விவசாய நிலத்தை விற்கும்போதுதான் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். இங்கே வீடு, வாங்குபவர் அம்மா, பணமும் இல்லை.

---

தேக்கா_வாசி எழுதியது:

சித்தப்பாவிடம் பேசினேன், எழுதித் தருவதாகச் சொன்னார். அத்தை தன் பங்குக்குப் பணம் கேட்கிறார். 5 லட்சம் கொடுத்தால் அது விடுதலையா, கிரயமா?

---

பத்திரக்கட்டு எழுதியது:

பிரதிபலன் பெற்றுக்கொண்டு விடுதலை எழுதலாம். தொகையைப் பத்திரத்தில் உள்ளபடி காட்டி, வங்கி வழியாகவே கொடுங்கள், பரிவர்த்தனை எண் பத்திரத்தில் வர வேண்டும். தீர்வை எப்படியும் சலுகையில்லாத கணக்காகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பணத்தை ஒதுக்குங்கள். நீங்கள் கொடுப்பதென்றால் சிங்கப்பூரிலிருந்து உங்கள் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு வழியாக. அத்தைக்கு அது மூலதன ஆதாயம், அவர் கணக்கில் காட்டட்டும்.

---

காவிரிப்_பட்டதாரி எழுதியது:

நீங்கள் பணம் கொடுத்தால் விடுதலை உங்கள் பெயருக்கா, அம்மா பெயருக்கா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பணம் ஒருவர், பத்திரம் இன்னொருவர் என்றால் வருமான வரி அலுவலகத்தில் விளக்கம் கேட்கலாம். முதலில் அம்மாவுக்கு அன்பளிப்பாக அனுப்பி, அவர் கணக்கிலிருந்து அத்தைக்குப் போவது தெளிவு.

---

தேக்கா_வாசி எழுதியது:

புரிந்தது. பாட்டியின் வாரிசுச் சான்றிதழுக்கு சித்தப்பாவை இந்த வாரம் விண்ணப்பிக்கச் சொல்கிறேன். வில்லங்கச் சான்று 1994-இலிருந்து இன்று வரை போட்டுப் பார்க்கிறேன். பவர் வரைவு தயாரானதும் சொத்து எண்களை மறைத்து இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

போடுங்கள். வில்லங்கச் சான்றில் அப்பா வங்கியில் வீட்டுக் கடன் வாங்கி ஒப்படைப்பு ஆவணம் பதிவு செய்திருந்தால், அதற்கான ரத்து ரசீதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் தீர்ந்திருந்தாலும் ரசீது பதிவாகாமல் விட்டிருப்பார்கள். அது இல்லையென்றால் வங்கிக்குக் கடிதம் எழுதும் வேலையையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், மூலப் பத்திரமும் அங்கேதான் கிடக்கும்.